சிங்களத்தில் வரும் அப்டேட் அறிவிப்பு: எழுத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிங்களம் பேச வரும். முச்சக்கரவண்டிக்காரரோடு பேரம் பேசுவார்கள், சந்தையில் சண்டையும் போடுவார்கள். ஆனால், அவர்களில் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்க வராது. புறக்கோட்டைக் கடையில் வாங்கிய போன் சிங்களத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டால், வாட்ஸ்அப் வேலைசெய்யும்வரை ஒரு சிக்கலும் இல்லை. ஒருநாள் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பி நிற்கும்போதுதான் பதற்றம். "போன்ல இருக்கிறதெல்லாம் அழியப்போகுது போல, தம்பி" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது அப்போதுதான்.

அந்தப் பெட்டியை வாசிக்க எழுத்து தேவையில்லை. சிங்களமானாலும் அரபியானாலும் சீனமானாலும் அப்டேட் பெட்டி பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் சொல்லும்: இடம் போதுமா, சார்ஜ் போதுமா, போனை அணைத்து மீண்டும் தொடக்கலாமா. முதல் இரண்டுக்கும் பக்கத்தில் எண் இருக்கும். GB அல்லது MB என்று முடியும் எண் இடத்தைப் பற்றியது. % என்று முடிவது பேட்டரி. மணி நேரம் போல ஏதாவது இருந்தால், இரவில் தானாக நிறுவிக்கொள்ளவா என்று கேட்கிறது. எண்ணே இல்லாமல் இரண்டு பொத்தான் மட்டும் நின்றால், அது மீண்டும் தொடக்கச் சொல்வதாக இருக்கலாம்.

பொத்தான்களில், நிறம் நிரப்பியது பெரும்பாலும் 'செய்' என்பது. வெறும் எழுத்தாக நிற்பது 'பிறகு'. சிங்களத்தில் பிறகு என்பதற்கு පසුව என்றும், இப்போது என்பதற்கு දැන් என்றும் வரும். வாயால் 'பசுவ', 'தென்' என்று தினமும் சொல்கிறவர்கள் இந்த இரண்டு உருவத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். மற்ற எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். போன்களில் வரும் சிங்களம் சிங்களவர்களே வீட்டில் பேசாத சிங்களம். வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்த அரபிப் போன் என்றால் ஒரு எச்சரிக்கை: அரபியில் திரையே இடவலம் மாறிவிடும், பொத்தான்களும் இடம் மாறி நிற்கும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எது நிறம் நிரப்பியது என்று பாருங்கள்.

சார்ஜ் விஷயம் சுலபம். பாதிக்கு மேல் ஏற்றி, சார்ஜரிலேயே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனதே, அப்படி நடுவில் போனாலும் கவலையில்லை. போனுக்குப் பேட்டரி இருக்கிறது. அது பாட்டுக்கு வேலையை முடிக்கும். பேட்டரி இல்லாத மேசைக் கணினியில்தான் அப்டேட் நடுவே மின்வெட்டு ஆபத்து.

ஆட்கள் தடுக்கி விழுவது இடத்தில்தான். நடக்கக்கூடிய ஒரு கணக்கைப் பார்ப்போம். 64 GB போன். அப்டேட்டின் அளவு 1.4 GB. பெட்டியில் 3.1 GB என்று போட்டிருக்கிறது. செட்டிங்ஸில் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தால் மிச்சம் 1.9 GB. 'இறக்கவேண்டியதே 1.4, என்னிடம் 1.9 இருக்கிறதே' என்று தோன்றும். ஆனால், இறங்கிய கோப்பைப் பிரித்து வைக்கவும் போனுக்கு இடம் வேண்டும். அதனால்தான் அளவை விட அதிகமாகக் கேட்கிறது. சில போன்கள் மொத்தத் தேவையைக் காட்டும், சில இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் காட்டும். எது என்று தெரியாவிட்டால், பெரிய கணக்கை எடுத்துக்கொண்டு அந்த எண்ணைவிட ஒரு GB கூடுதலாகவே காலி செய்துவிடுவது நல்லது.

காலி செய்வதில்தான் வேடிக்கை. ஆடிவேல் ஊர்வலத்தை எடுத்த வீடியோக்களை உட்கார்ந்து அழிப்பார்கள். முழு எச்.டி.யில் ஒரு நிமிட வீடியோ 100 MBக்கு மேலும் பிடிக்கலாம், ஆகவே அழித்தது சரிதான். திரும்பிவந்து பார்த்தால் அதே 1.9. போன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். போன் கெடவில்லை. கேலரியில் அழித்த படம் குப்பைத்தொட்டிக்குப் போய் அங்கே சுமார் 30 நாள் கிடக்கும். அதுவரை இடம் விடாது. கேலரியின் உள்ளே குப்பைத்தொட்டிச் சின்னத்தைத் தேடி, அதையும் காலி செய்தால்தான் எண் நகரும். கூகுள் போட்டோஸிலும் தொட்டி தனியாக உண்டு. அங்கே அழிப்பதில் மட்டும் நிதானம் வேண்டும்: பாக்கப் ஆன படத்தை அங்கே அழித்தால் இணையத்தில் உள்ள பிரதியும் போய்விடும்.

குறுக்குவழி வேண்டுமென்றால் வாட்ஸ்அப்புக்குப் போங்கள். அதன் செட்டிங்ஸில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது. 5 MBக்கு மேற்பட்டவை எல்லாம் அங்கே ஒரே கட்டாக நிற்கும், பல தடவை ஃபார்வர்ட் ஆனவையும் தனியாக நிற்கும். காலை வணக்க வீடியோக்களைப் பற்றி யாருக்கும் துக்கம் வராது. மெமரி கார்டில் 20 GB காலியாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்: பெட்டி கேட்பது போனின் உள் இடத்தை, கார்டை அல்ல. இறக்குவதற்கு வைஃபை இல்லாதவர்கள், பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மீண்டும் தொடக்கும் பொத்தான். சிங்களத்தில் පසුව இல்லாத பக்கத்தில் යළි අරඹන්න என்று வருவது பெரும்பாலும் இது. இதை அழுத்தினால் படமும் தொடர்பு எண்களும் அழியாது. எல்லாவற்றையும் அழிக்கும் பக்கம் வேறு. அது தானாக எழும்பி வராது. செட்டிங்ஸுக்குள் நீங்களே தேடிப் போனால்தான் வரும். அதற்கு மொழி தேவைப்படாத ஓர் அடையாளமும் உண்டு. அழிக்கும் பக்கத்தில் போனில் உள்ள கணக்குகளின் பட்டியல் இருக்கும், அதாவது உங்கள் ஜிமெயில் முகவரி ஆங்கில எழுத்தில் தெரியும். அதைக் கண்டால் பின்னுக்கு வந்துவிடுங்கள்.

ஆனால், ஒன்றை உறுதிப்படுத்தாமல் மீண்டும் தொடக்க வேண்டாம். போனைத் திறக்கும் பின் எண் நினைவிருக்கிறதா? விரல்ரேகையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். போன் அணைந்து எழும்பினால் முதல் தடவை விரலை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். எண் தெரியாவிட்டால், அப்டேட் நல்லபடி முடிந்தும் போன் பூட்டியே கிடக்கும். முதலில் எண்ணைக் கண்டுபிடியுங்கள், பிறகு பொத்தானைத் தொடுங்கள். நிறுவும்போது திரையில் நிறுவனத்தின் சின்னமும் ஒரு சதவீதமும் தெரியலாம், சில போன்கள் இரண்டு தடவை அணைந்தும் எழும்பும். அப்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கக்கூடாது.

பெட்டி இணையப்பக்கத்தின் நடுவில், மேலே முகவரிப் பட்டை தெரியும்படி எழும்பினால் அது அப்டேட்டே அல்ல. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, செட்டிங்ஸுக்குள் போய் அப்டேட் உண்மையில் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் ஒருமுறை செய்த பிறகு மொழியையும் மாற்றிவிடுவதே மேல். சாம்சுங்கில் மூன்று கோடுகளில் புள்ளி வைத்த சின்னத்தைத் தொட்டால் உள்ளே முதல் வரி மொழி. மற்றப் போன்களில் உலக உருண்டைச் சின்னத்தைத் தேடுங்கள். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும், ஆகவே 'தமிழ்' தமிழாகவே தெரியும். பகுதி கேட்டால் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். மொழியை மாற்றுவதால் படமோ மெசேஜோ எதுவும் போகாது.