நல்லது நடந்ததற்குச் சாட்சி

கேள்வி: தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறேன். போன வருஷம் ஒரு கல்யாண மாலை பிசகியது மட்டும்தான் மனசில் நிற்கிறது. நன்றாகக் கட்டியது ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. நான் எதற்கும் லாயக்கில்லையோ?
- ஒரு வாசகி

பதில்: சோர்ந்திருக்கும் மனம் சோர்வான நினைவுகளைத்தான் முதலில் எடுத்துத் தரும். அதனால் ஞாபகத்தை நம்பாதீர்கள், எழுதி வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் படெஸ்கி பரிந்துரைக்கும் முறை இது.

ஒரு நோட்டின் முதல் பக்கத்தில், நீங்கள் நம்ப விரும்புவதை எழுதுங்கள்: 'என்னை நம்பி வேலையை ஒப்படைக்கலாம்.' இன்று அதை எவ்வளவு நம்புகிறீர்கள்? பத்து சதவீதம் என்றாலும் சரி, குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தினமும், நடந்த அன்றே, நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'நன்றாகச் செய்தேன்' என்பது சாட்சி ஆகாது. 'புதன் காலை. அரளி மடிப்பு ஒரே சீராக வந்தது. போன மாதம் வாங்கியவரே மறுபடி இரண்டு மாலை சொன்னார்' என்பது சாட்சி.

'அவருக்கு வேறு ஆள் கிடைத்திருக்காது' என்று மனசு உடனே குறுக்கே பேசும். பலர் நோட்டை மூடுவது இங்கேதான். அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், ஆனால் சாட்சியை அடிக்காதீர்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து, சதவீதத்தைத் திரும்பப் போடுங்கள். மெதுவாகத்தான் ஏறும், மாதக்கணக்கில் ஆகலாம்.

தூக்கமும் பசியும் போய், எழுதவே முடியவில்லை என்றால் நோட்டு போதாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 14416-க்கு அழையுங்கள், கட்டணமில்லை.