இயக்குநர் பதவி போனால் ஜாமீனும் போகுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 2018-இல் வங்கியில் 50 லட்சம் ரூபாய் வரம்புக்கு கேஷ் கிரெடிட் கணக்குத் தொடங்கியது. இயக்குநர் ஒருவர் அந்த வரம்புக்கும் வட்டிக்கும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்திட்டார். 2021-இல் பதவி விலகினார். கம்பெனிப் பதிவாளரிடம் அது பதிவாகியும் விட்டது. வங்கிக்கு அவர் எதுவும் எழுதவில்லை. 2022-இல் அவர் கையெழுத்தில்லாமலே வரம்பு 80 லட்சமாக உயர்ந்தது. கணக்கு வாராக்கடனானதும் 76 லட்சம் கேட்டு அவருக்கு வங்கி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அவர் பொறுப்பாவாரா?

பதில்: ஜாமீன் என்பது கையெழுத்திட்டவருக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். இயக்குநர் பதவி அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவு. பதவி விலகல் பதிவானதால் ஜாமீன் தானாக முடிவதில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் கம்பெனியிடம் வசூலித்துவிட்டு வரும்படி வங்கியிடம் சொல்லவும் முடியாது. பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

கேஷ் கிரெடிட்டுக்குத் தரப்படுவது தொடர் ஜாமீன். 130-ஆம் பிரிவின்படி வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்து, இனி நடக்கும் வரவு செலவுகளைப் பொறுத்து அதை ரத்து செய்யலாம். அறிவிப்புக்கு முன் ஏற்பட்ட கடனுக்குப் பொறுப்பு நீடிக்கும். விலகிய அன்றே எழுதியிருந்தால் அன்றைய நிலுவையோடு பொறுப்பு நின்றிருக்கும். ஆனால் வங்கிகளின் அச்சிட்ட பத்திரங்களில் இந்த உரிமையையே விட்டுக்கொடுக்கும் நிபந்தனை இருப்பதுண்டு. சீதாராம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனை செல்லும் என்றது. அங்கே கடன் வழங்கப்படும் முன்பே ரத்துக் கடிதம் கொடுத்தும் ஜாமீன்தாரர் தப்பவில்லை.

வரம்பு உயர்ந்ததுதான் இவருக்குக் கிடைக்கும் வலுவான வாதம். கடனாளியும் வங்கியும் ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் ஒப்பந்த நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 133-ஆம் பிரிவு. வரம்பு உயர்த்திய நாளில் நிலுவை 46 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 46 லட்சத்துக்கு அவர் பொறுப்பாளி. அதன்பின் எடுத்த பணத்துக்கு அல்ல.

அந்த 46 லட்சமும் குறையக்கூடும். பணம் எந்தக் கடனுக்கு என்று இரு தரப்பும் குறிப்பிடாவிட்டால், 61-ஆம் பிரிவுப்படி பழைய கடனே முதலில் கழியும். வங்கி பழைய கணக்கை நிறுத்தி வைக்காமல், 2022-க்குப் பிறகு வந்த விற்பனைப் பணத்தையெல்லாம் அதே கணக்கில் வரவு வைத்திருந்தால், வரவுகளின் கூட்டுத்தொகை 46 லட்சத்தைத் தாண்டியதும் பழைய நிலுவை தீர்ந்துவிட்டது என்று வாதிடலாம். அதனால் 2021 முதலான முழுக் கணக்கு அறிக்கையை வங்கியிடம் எழுதிக் கேட்பது அவசியம்.

இரண்டு வாதங்களையும் பத்திரம் முறிக்கக்கூடும். "வரம்பையோ தவணையையோ வங்கி மாற்றினாலும் ஜாமீன் தொடரும்" என்ற முன்சம்மதமோ, "கணக்கில் வரும் வரவு ஜாமீன்தாரரின் பொறுப்பைக் குறைக்காது" என்ற நிபந்தனையோ இருந்தால் அவர் நிலை பலவீனமாகும். அப்போதும் அவர் ஏற்றது 50 லட்சமும் வட்டியும் மட்டுமே. உயர்த்திய வரம்பின் அசலை அவர் தலையில் கட்ட, அவரே கையெழுத்திட்ட புதிய பத்திரம் வேண்டும். விலகிய பிறகு புதுப்பிப்புக் கடிதத்திலோ கடன் ஒப்புதல் கடிதத்திலோ கையெழுத்திட்டிருந்தால், அதையே வங்கி சம்மதமாகக் காட்டும்.

அடமானப் பொருளும் கவனிக்கத்தக்கது. கடனுக்கு ஈடாக இருந்த 12 லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தை ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் வங்கி விடுவித்திருந்தால், 141-ஆம் பிரிவுப்படி அந்த மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறையும். வசூலில் வங்கி வெறுமனே தாமதித்தது மட்டும் விடுதலை தராது. 137-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

கம்பெனி திவால் நடைமுறைக்குப் போய், வங்கி குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டாலும் மீதிக்கு ஜாமீன்தாரர் தானாக விடுபடுவதில்லை. லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

ஆகவே நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும் முன் ஜாமீன் பத்திரம், 2022-இன் வரம்பு உயர்வுக் கடிதம், கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதவி விலகப் போகும் இயக்குநர், விலகும் முன்பே தனக்குப் பதில் இன்னொருவரின் ஜாமீனை வங்கி ஏற்கச் செய்து, தன்னை விடுவித்ததாக வங்கியின் கையெழுத்துள்ள கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனியோ மற்ற இயக்குநர்களோ "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதித் தருவது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கிக்குப் பணம் கட்டிய பிறகு அவர்களிடம் திரும்பக் கேட்கவே அது உதவும்.