கடன் ஒப்பந்தத்தை ஒரு தாளில் சுருக்குதல்

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்கள் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் பெறும்போது, கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தம் பல பக்கங்களாக, அறியாத மொழியில் இருப்பதுண்டு.

இதற்கென இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு தொழில்களுக்கும் வழங்கப்படும் புதிய தவணைக் கடன்களுக்கு ‘முக்கியத் தகவல் அறிக்கை’ தரப்பட வேண்டும். அது கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். ஆதலால் தமிழ் மட்டும் அறிந்தவர் அதைத் தமிழில் கேட்டுப் பெறலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தோட்டத் தொழிலாளி ஒருவர் வீட்டைப் பழுதுபார்க்க ரூ.60,000 கடன் கேட்கிறார். “ஆண்டுக்கு 12 சதவீத வட்டிதான்” என்கிறார் முகவர். ஒப்பந்தத்தின் வெவ்வேறு பக்கங்களில் சிதறியுள்ள செய்திகளைத் தொகுத்தால் கிடைப்பது இது:

- கடன் தொகை: ரூ.60,000
- காலம்: 12 மாதங்கள்
- வட்டி: முழு அசலுக்கும் 12 சதவீதம், ரூ.7,200
- மாதத் தவணை: ரூ.5,600
- செயலாக்கக் கட்டணம், வரியுடன்: ரூ.1,416
- காப்பீடு: ரூ.584
- கையில் கிடைப்பது: ரூ.58,000
- செலுத்துவது: ரூ.67,200
- அபராதம்: தவறிய தவணைக்கு மாதம் 2 சதவீதம், ரூ.112
- ஆண்டுச் சதவீத விகிதம்: ஏறத்தாழ 28

பன்னிரண்டு எவ்வாறு இருபத்தெட்டு ஆயிற்று? மாதந்தோறும் தவணை செலுத்துவதால் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ இறுதிவரை ரூ.60,000க்கே கணக்கிடப்படுகிறது. இதனால் மட்டுமே உண்மை விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. முன்னதாகப் பிடித்துக்கொண்ட ரூ.2,000 அதை மேலும் உயர்த்துகிறது. வட்டியையும் கட்டணங்களையும் ஒருங்கே காட்டும் இவ்விகிதத்தைக் கொண்டே இரு கடன்களை ஒப்பிட வேண்டும்.

அறிக்கையில் குறிப்பிடாத கட்டணத்தைக் கடன் பெற்றவரின் வெளிப்படையான இசைவின்றி வாங்கலாகாது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடுதல் கூடாது. ஏழு நாளோ அதற்கு மேலோ நீளும் கடனாயின், அறிக்கை தந்த பின் முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள்கள் அளிக்கப்பட வேண்டும். ஆயினும், உரிமம் பெறாத வட்டிக்காரரிடம் இவ்வறிக்கையை எதிர்பார்க்க இயலாது.

அருஞ்சொற்பொருள்
அசல் – கடனாகப் பெற்ற தொகை
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
இசைவு – ஒப்புதல்

பயிற்சி
1. முகவர் கூறிய விகிதமும் உண்மை விகிதமும் வேறுபடுவதற்குரிய இரு காரணங்களை எழுதுக.
2. கடன் ரூ.30,000; காலம் 12 மாதங்கள்; முழு அசலுக்கும் வட்டி 10 சதவீதம்; முன்னதாகப் பிடிக்கும் கட்டணம் ரூ.600. மாதத் தவணை, கையில் கிடைக்கும் தொகை, செலுத்தும் மொத்தத் தொகை ஆகியவற்றைக் கண்டு, மேற்கண்டவாறு ஒரு தாளில் தமிழில் எழுதுக.