டவர் மாடலை வைத்து மாநிலம் சொல்ல முடியாது

“இது கடலூர் மாவட்டமே இல்லை. டவரைப் பாருங்க, ஆந்திரா மாடல்!” செம்மண்ணும் முந்திரித் தோப்பும் தெரிகிற ஒரு கிராமத்துப் படத்தை யாராவது காட்டினால் போதும், இப்படி ஒரு தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு டவருக்கு ஒரு வடிவம், ஆந்திராவுக்கு வேறு, கர்நாடகத்துக்கு வேறு என்று மனத்தில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு ஆதாரம் கேட்டால் பதில் வராது. வரவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

ஐரோப்பாவில் இந்த நம்பிக்கை ஓரளவு உண்மை. பிரிட்டனில் 1928-இல் மில்லிகன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவத்தைக் கட்டடக் கலைஞர் ரெஜினால்ட் புளூம்ஃபீல்டு தேர்ந்தெடுத்தார். அதன் சாயல் அந்த நாட்டு வயல்களில் இன்றும் தெரிகிறது. பிரான்சில் பூனைத் தலைபோல் இரண்டு காது வைத்த டவர் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு முடிவெடுத்ததால் நாட்டுக்கொரு முகம் அமைந்தது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே டவர் வடிவமைப்பவர்கள் அனைவரும் கையில் எடுப்பது ஐ.எஸ். 802 என்ற ஒரே இந்தியத் தரநிலையைத்தான். 400 கிலோவோல்ட் கம்பித்தடங்கள் பலவும் மத்திய அரசின் பவர் கிரிட் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த டவர்களைச் செய்து நிறுத்தும் ஒப்பந்த நிறுவனங்களும் நாடு முழுக்க வேலை எடுப்பவை. ஹரியானாவில் கோதுமை வயலில் நிற்கும் இரட்டைச் சர்க்யூட் டவரும் பண்ருட்டிப் பக்கம் கரும்புக்கொல்லையில் நிற்கும் டவரும் ஒரே முகஜாடையில் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் டவருக்கு டவர் வித்தியாசமே இல்லையா? உண்டு. ஆனால் அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது மாநில எல்லை இல்லை, காற்று. இந்தியாவை ஆறு காற்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரையில் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். புதுச்சேரியில் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான். இந்தக் கரையோரத்து டவருக்குக் கால் கனமாகும், குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாகும். விசாகப்பட்டினமும் புவனேஸ்வரும் இதே 50 மீட்டர் மண்டலம். ஆகவே கடலோரத்து டவர் மதுரை டவரைவிட ஒடிசா டவரையே அதிகம் ஒத்திருக்கும். “ஆந்திரா மாடல்” என்று கைகாட்டுகிறவர் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கனத்தைத்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கம்பி நேராகப் போகும் இடத்தில் பீங்கான் சரம் செங்குத்தாகத் தொங்கும். கம்பி திரும்பும் இடத்தில் சரம் இரண்டு பக்கமும் படுக்கையாக இழுபட்டு நிற்கும். நடுவில் ஒரு கம்பி வளைந்து தொங்கும். அந்த டவர் பருமனாகவும் இருக்கும். கம்பி எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதற்கேற்ப ஒரே தடத்தில் நான்கு வகை டவர் வரும். ஒரே தடத்தின் இரண்டு டவரைத் தனித்தனிப் படத்தில் பார்த்துவிட்டு, இரண்டு மாநிலம் என்று வாதாடுகிறார்கள்!

சரி, படத்திலிருந்து எதைத்தான் படிக்கலாம்? கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமம் பக்கம் எடுத்த ஒரு படம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பீங்கான் தட்டுகளை எண்ண வேண்டும். 110 கிலோவோல்ட் என்றால் தொங்கும் சரத்தில் ஏழெட்டுத் தட்டு, 230 என்றால் பதினான்கு வாக்கில், 400 என்றால் 23. கடலோரத்தில் உப்புப் படிவதால் ஒன்றிரண்டு கூடலாம். தட்டுக்குப் பதில் பாலிமர் தண்டு இருந்தால் எண்ணிப் பயனில்லை. அப்போது கம்பியைப் பார்க்கலாம். ஒவ்வோர் இடத்திலும் கம்பி இரட்டையாகவோ நான்காகவோ ஓடி, இடையிடையே இடைவெளிக் கட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் 400 அல்லது அதற்கு மேல் என்று கொள்ளலாம்.

இந்த எண்ணிக்கை வோல்டேஜைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஊருக்குக் கொஞ்சம் நெருங்க ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் மின்தடங்கள் 110, 230 என்று படியேறுகின்றன. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 132, 220. கேரளத்திலும் கர்நாடகத்திலும் 110, 220. 220-க்கும் 230-க்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. எழுத்தில் பார்த்தால்தான் உண்டு. அந்த எழுத்து டவரிலேயே இருக்கிறது. மண்டை ஓடும் எலும்பும் வரைந்த அபாயத் தகட்டில், இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்து மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. தகட்டில் தமிழும் 230-ம் சேர்ந்து இருந்தால் ஆந்திரா வாதம் அங்கேயே முடிந்தது. ஆனாலும் கடலூர் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்திலிருக்கும் பாகூரும் வில்லியனூரும் புதுச்சேரி. அங்கேயும் 230-தான், தமிழ்தான்.

அதற்குமேல் தடங்களின் போக்கைப் பார்க்கலாம். இரண்டு மூன்று தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஒரே திசையில் குவிந்தால், அங்கே ஒரு மின்நிலையமோ துணைமின் நிலையமோ இருக்கிறது. செம்மண், முந்திரி, பலா, குவியும் தடங்கள், தமிழ்த் தகடு எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் நெய்வேலிச் சுற்றுவட்டாரம் என்று நம்பிச் சொல்லலாம். குவியும் தடம் மட்டும் போதாது; மேட்டூரிலும் எண்ணூரிலும் அப்படித்தான் குவியும்.

மற்ற கதைகளுக்கு அதிக இடம் வேண்டாம். சிவப்பு வெள்ளை பூசிய டவர் ராணுவ டவர் அல்ல; விமானங்களுக்குத் தெரிவதற்காகப் பூசியது. இரண்டே இரண்டு கம்பிக்கற்றை உள்ள டவர் வேலை முடியாத டவர் அல்ல, அது நேர்மின்தடம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் தடம் அப்படிப்பட்டது. டவரின் பிரமாண்டத்தை வைத்து வோல்டேஜை முடிவு செய்வதும் ஆகாது. நாகப்பட்டினம் – சேலம் தடத்தை 765-க்கென்று கட்டி, முதலில் 400-இல்தான் ஓட்டினார்கள்.

ஊரைக் கண்டுபிடிக்கத் தகடுதான் முதல் சாட்சி என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தகடுகளைப் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதைவிடக் கொடுமை, டவரின் குறுக்குச் சட்டங்களை அறுத்துப் போவது. இரண்டு மூன்று ஆங்கிள் போனாலே புயல் காற்றில் டவர் மடங்கும். தடம் முழுக்க நிற்கும், கிணற்று மோட்டார் ஓடாது. டவரைப் படம் எடுப்பவர்கள் தள்ளி நின்று, காலிலிருந்து உச்சிவரை தெரியும்படி ஒரு படம், தகடும் டவர் எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். எங்காவது சட்டம் இல்லாத வெற்றுப் போல்ட் ஓட்டை தெரிந்தால், மாநிலம் எது என்ற வாதத்தை நிறுத்திவிட்டு, மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு டவர் எண்ணோடு சொல்லுங்கள்.