நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்?

அன்புள்ள வாசகருக்கு,

தனி ஊசல் சோதனை அறிக்கையின் இரண்டு வடிவங்களையும் படித்தேன். முதல் வடிவம் 2,140 சொற்கள். வரம்பு 1,500 என்பதால் நீங்களே குறைத்தது 1,480. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. ஆனால் உங்கள் சோதனையில் கிடைத்த மிக நல்ல விஷயம் அந்தக் குறைப்பில் போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

நீங்கள் 40 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை ஏழு நீளங்களில் அலைவு நேரம் எடுத்து, T²-ஐ நீளத்துக்கு எதிராக வரைபடமாக்கியிருக்கிறீர்கள். கோடு நேராக வந்திருக்கிறது. ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. சாய்வு 4.03, வெட்டுத்துண்டு 0.048. முதல் வடிவத்தில் இதற்கு அருமையான விளக்கம் இருந்தது. நூலின் நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மேல்விளிம்பு வரைதான் அளந்தீர்கள். ஊசலின் உண்மையான நீளமோ குண்டின் மையம் வரை. ஆகவே ஒவ்வொரு நீளமும் குண்டின் ஆரம் அளவுக்குக் குறைவு:

T² = (4π²/g)(L + r)

வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் 0.0119 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1.2 செ.மீ. வெர்னியர் அளவியால் நீங்கள் அளந்த குண்டின் விட்டம் 2.40 செ.மீ.; ஆரம் 1.20. அளவியைத் தொடாமல் வரைபடமே குண்டின் ஆரத்தைச் சொல்லிவிட்டது. இதை நீங்களாகவே கண்டுபிடித்ததைப் பார்த்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

குறைத்த வடிவத்தில் இந்தப் பத்தி இல்லை. 'வரைபடம் நேர்கோடாக அமைந்தது' என்ற வாக்கியம் மட்டும் நிற்கிறது. செய்முறைப் பகுதியில் இருந்த 'தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மேல்விளிம்பு வரை நூலின் நீளம் அளக்கப்பட்டது' என்ற வரி, 'ஊசலின் நீளம் அளக்கப்பட்டது' என்று சுருங்கிவிட்டது. சில சொற்கள்தான் மிச்சம். ஆனால் அதன்பிறகு அந்த 0.048 எங்கிருந்து வந்தது என்று எந்த வாசகராலும் கண்டுபிடிக்க முடியாது. எதுவரை அளந்தீர்கள் என்பது அட்டவணையிலும் இல்லை, வரைபடத்திலும் இல்லை. அளந்த கைக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது.

வெட்டும்போது ஒவ்வொரு வாக்கியத்திடமும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதை எடுத்துவிட்டால், மீதி அறிக்கையை வைத்தோ பாடநூலை வைத்தோ வாசகர் இதை மீட்டெடுக்க முடியுமா? முடியும் என்றால் வெட்டலாம். முடியாது என்றால், எவ்வளவு சிறிய வாக்கியமானாலும் விட்டுவையுங்கள்.

இந்தக் கேள்வியோடு உங்கள் முதல் வடிவத்துக்குத் திரும்புவோம். முன்னுரை 420 சொற்கள். அதில் பெரும்பகுதி விசைச் சமன்பாட்டிலிருந்து அலைவு நேரச் சூத்திரத்தைத் தருவிப்பது. எந்த இயற்பியல் பாடநூலிலும் அது கிடைக்கும். மேலே எழுதிய சமன்பாடு, சிறிய கோணத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்ற நிபந்தனை, சோதனையின் நோக்கம் ஆகிய மூன்றையும் 150 சொற்களில் சொல்லிவிடலாம். 270 சொற்கள் இங்கேயே குறைந்தன. விந்தை என்னவென்றால், குறைத்த வடிவத்தில் நீங்கள் தொடாமல் விட்ட ஒரே பகுதி இதுதான். தருவித்தல் அறிவியலாகத் தோன்றுகிறது, விளக்கம் வெறும் பேச்சாகத் தோன்றுகிறது என்பதால் பலரும் இப்படியே செய்கிறார்கள்.

அடுத்தது முடிவுகள், 610 சொற்கள். அட்டவணையில் இருக்கும் எண்களையே 'நீளம் 40 செ.மீ. ஆக இருந்தபோது அலைவு நேரம்...' என்று ஏழு நீளங்களுக்கும் மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அவை அனைத்தும் போகலாம். கூடவே ஒவ்வொரு நீளத்துக்கும் g-ஐத் தனித்தனியாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். அவற்றிலும் ஐந்தை எடுத்துவிடுங்கள். முதலும் கடைசியும் இருக்கட்டும். 40 செ.மீ.க்கு 9.51, 100 செ.மீ.க்கு 9.68 என்று வருகிறது. நீளம் கூடக்கூட மதிப்பும் ஏறுகிறது. இது ஒழுங்கற்ற பிழை அல்ல, முறையான பிழை என்பதற்கு இதுவே சான்று. ஏனெனில் 1.2 செ.மீ. விடுபட்டால் குட்டையான ஊசலைத்தான் அதிகம் பாதிக்கும். ஏழையும் சராசரி எடுத்தால் அந்தப் பிழை அப்படியே உள்ளே தங்கிவிடும், சாய்விலிருந்து எடுத்தால் தங்காது. நீங்கள் ஏன் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கான காரணம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இப்படிச் செய்தால் முடிவுகள் 380 சொற்களுக்கு வந்துவிடும்.

செய்முறையில் 560 சொற்கள். தாங்கியை மேசைமேல் வைத்தது, நூலைக் கட்டியது, குறிப்பேட்டில் பதிந்தது எல்லாம் தேவையில்லை. 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்ததையும், குண்டு நடுநிலையைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தியதையும், வீச்சு 10 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதையும் வைத்துக்கொள்ளுங்கள். 10 பாகையில் அலைவு நேரம் ஏறக்குறைய 0.2 சதவீதம்தான் கூடுகிறது என்ற உங்கள் குறிப்பும் இருக்கட்டும். அந்த ஒரு வரி, இதைப் புறக்கணித்தது சரிதான் என்று காட்டுகிறது. 'மேல்விளிம்பு வரை' என்பது கட்டாயம் திரும்ப வரவேண்டும். 410 சொற்களில் முடியும்.

இதுவரை 650 சொற்கள் குறைந்திருக்கின்றன. கலந்துரையாடலின் 400 சொற்களையும் முடிவுரையின் 150 சொற்களையும் தொடவே இல்லை, மொத்தம் 1,490.

குறைத்த வடிவத்தில் இன்னொன்றும் காணாமல் போயிருக்கிறது. முதலில் 9.80 ± 0.07 என்று எழுதியிருந்தீர்கள், இப்போது வெறும் 9.80. அந்த 0.07 இல்லாமல் உங்கள் மதிப்பு எதோடு ஒத்துப்போகிறது, எதோடு முரண்படுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது சாய்வின் ±0.03-இலிருந்து வந்தது என்று அரை வரியில் சொன்னால் போதும். ஒப்பிடும்போது 9.81-ஐ விட்டுவிட்டு, சென்னையின் மதிப்பான 9.78-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க g குறையும்.

அட்டவணைக்குள் சொற்களை ஒளித்துவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எது எண்ணப்படும் என்பது இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக, ஐபி பள்ளிகளின் அறிவியல் ஆய்வறிக்கைக்கு வரம்பு 3,000 சொற்கள். தரவு அட்டவணைகளும் சமன்பாடுகளும் கணக்கீடுகளும் அதில் சேராது. உங்கள் துறையில் என்ன விதி என்று பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்கள் அட்டவணையில் இருப்பது நியாயம்தான். ஆனால் 'ஏனெனில்' என்று தொடங்கும் வாக்கியத்தை அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் திணித்தால், திருத்துபவர் அதைப் படிக்காமலே போகக்கூடும்.

வெட்டி முடித்ததும் படங்களின் எண்களைச் சரிபாருங்கள். குறைத்த வடிவத்தின் கலந்துரையாடல் இன்னும் 'படம் 3' என்றுதான் சொல்கிறது. அறிக்கையில் இப்போது இரண்டே படங்கள்தான் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்த ஓர் இயற்பியல் ஆசிரியர்