மலைப்பாதையில் மினுக்கும் பெட்ரோல் விளக்கு

வளைவில் எரிந்து, சமதளம் வந்ததும் அணைந்துவிடும் எரிபொருள் விளக்கை ‘வயர் லூஸ்’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வயரில் குறை இருக்காது. டேங்குக்குள் ஒரு மிதவை பெட்ரோலோடு ஏறி இறங்கி அளவைச் சொல்கிறது. அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள, அடி தட்டையான டேங்கில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கே பெட்ரோல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் வண்டி நின்றாலே ஒரு முனையில் ஆறு சென்டிமீட்டர் சேர்ந்துவிடும், மறுமுனை வற்றிவிடும். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்தே விளக்கு எரியும், அணையும். ஆகவே சரிவில் எரிந்தது பொய் என்றால், சரிவில் அணைந்ததும் பொய்யாக இருக்கலாம். முதல் மினுக்கலையே விளக்கு எரிந்ததாகக் கொள்வதுதான் சரி.

முதலில் வயர்க் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரை டேங்க் இருக்கும்போதும் மேடுபள்ளத்தில் மினுக்கினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான். கடைசிக் கால்பங்கில், சாய்வுக்கு ஏற்ப மட்டும் மினுக்கினால் அது பெட்ரோல் அலைவது. அப்போது சமதளத்தில் ஓரங்கட்டி, சாவியை ஆன் நிலையில் வைத்துச் சில நிமிடம் பொறுங்கள். முள் துள்ளாமலிருக்க, பல வண்டிகளில் அளவு மெதுவாகத்தான் மாறும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அருகிலுள்ள பங்க்கில் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். 37 லிட்டர் டேங்கில் 31 லிட்டர் பிடித்தால், மிச்சம் இருந்தது சுமார் ஆறு. கையேட்டின் கொள்ளளவும் நாசில் நிற்கும் இடமும் சரியாக ஒத்துப்போகாது என்பதால் ஒரு லிட்டர் கழித்து ஐந்து என்றே எழுதி வையுங்கள்.

அந்த ஐந்தும் மலையில் முழுதாகக் கைகொடுக்காது. சாய்வில் பம்ப்பின் வாய்க்கு எட்டாமல் ஒதுங்குவதற்கு இன்னொரு லிட்டரை விடுங்கள். ஏற்றத்தில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் மீதி நாற்பது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறைக்கு ஏறும் தூரமே ஏறக்குறைய அவ்வளவு. எனவே பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்வதுதான் கணக்கு. இறக்கத்தில் பெட்ரோல் செலவாகாதே என்பார்கள். கியரில் இறங்கும்போது இன்ஜெக்ஷன் வண்டிகள் எரிபொருளை நிறுத்திவிடுவது உண்மைதான். ஆனால் வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நொடியில் பம்ப்பின் வாயில் பெட்ரோல் இருந்தாக வேண்டும். மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. முன்னதில் இன்ஜின் தரும் தடுப்பு போய்விடும், பின்னதில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

நீண்ட வளைவில் மிதித்தும் வண்டி ஒரு கணம் இழுக்காமல் உதறினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. வேகத்தைக் குறைத்து, அடுத்த சமதளத்தில் நிறுத்துங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். டீசல் வண்டியென்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும், பலவற்றில் கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றும்வரை இன்ஜின் பிடிக்காது.