வினாவிடை எங்கட கைக்கு வந்த கதை



சாதாரண தரத்துக்குச் சைவநெறி படிச்ச ஆக்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஆசிரியர் கேள்வி கேட்பார், வகுப்பு முழுக்க ஒரே குரலிலை விடை சொல்லும். விபூதியை எந்தத் திசை பார்த்துத் தரிப்பது, கோயிலுக்குள் எதை முதலில் வணங்குவது, இப்படியே போகும். இந்த முறை எங்கட ஆக்களிடம் ஆதியிலிருந்தே இருந்தது எண்டுதான் நான் கனகாலம் நினைச்சிருந்தேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், வரலாறு படிச்சவன் இல்லை. அம்மம்மாவின் அலுமாரியிலை கிடந்த பழைய சைவ வினாவிடையைப் புரட்டினபிறகுதான், இது எங்கேயிருந்து வந்தது எண்டு தேடத் தொடங்கினேன்.

வந்த இடம் மிஷன் பள்ளிக்கூடம்.

அமெரிக்க மிஷன்காரர் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். வெஸ்லியன் மிஷன் அதற்கு இரண்டு வருடம் முந்தியே வந்துவிட்டது. ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம் எல்லாம் படிப்பித்தார்கள். விடுதியில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் கிடைத்தன. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளியின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. கூடவே வேதாகமமும் ஞானோபதேச வினாவிடையும். அதாவது கேள்வி, விடை, மனனம். ஆறு வயதுப் பிள்ளையும் சமயத்தை வரிசையாக ஒப்புவிக்கும்.

அப்போது எங்கட பக்கம் என்ன இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டும் நீதிநூல்களும் மனனம். கோயிலில் கந்தபுராணப் படிப்பு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். கேட்கிற பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் "உங்கட கடவுள் யார், ஏன் சாம்பல் பூசுறீங்கள்" எண்டு பாதிரியார் கேட்டால், பத்து வயதுப் பெடியனிடம் சொல்ல இரண்டு வசனம் இல்லை. சமயம் முழுக்கச் செய்யுளிலும் வடமொழியிலும் கிடந்தது. பிள்ளை வாசித்து விளங்கக்கூடிய உரைநடையில் அது இருக்கவில்லை.

இந்த ஓட்டையைச் சரியாகக் கண்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்தவர். அவர் படித்தது யாழ்ப்பாணம் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில். பிறகு அங்கேயே ஆசிரியர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவரும் அவர்தான். விவிலியத்தை வரி வரியாக அறிந்திருந்தார். அதைவிட முக்கியம், ஒரு மிஷன் பள்ளிக்கூடம் உள்ளே எப்படி இயங்குகிறது எண்டது அவருக்குத் தெரியும்.

1847 கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அது நடந்தது. கிழமைக்கு ஒரு நாள், ஒரு தலைப்பு, சாதாரண வசனத்தில் பேச்சு. இதுவும் மிஷன்காரரின் ஞாயிறு வழிமுறைதான். ஆனால் பேச்சு கேட்டுவிட்டுப் போகிற தகப்பன் அடுத்த நாள் காலை பிள்ளையை எங்கே அனுப்புவான்? திரும்பவும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தானே. அதனால் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், மிஷன் சம்பளத்தையும் விட்டார்.

பள்ளிக்கூடம் தொடங்கியாச்சு, புத்தகம்? ஏட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரதி பண்ண முடியாது. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டம் கொடுத்தது. கொண்டுவந்த அச்சியந்திரத்தில் பாலபாடங்கள் வந்தன. முதல் புத்தகத்தில் எழுத்தும் சின்னச் சின்ன வசனங்களும். நாலாம் பாலபாடத்துக்கு வரும்போது கடவுள், ஆன்மா, கொலை, கள்ளுண்ணல், சிவாலய தரிசன விதி எண்டு முழுக் கட்டுரைகள். வகுப்பு ஏற ஏறப் பாடமும் ஏறும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும், அன்றைக்குச் சைவத்துக்கு இப்படி ஒரு படிவரிசை புதுசு.

சைவ வினாவிடையின் முதற் புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ. கடவுளில் தொடங்கி, புண்ணிய பாவம், விபூதி, மூலமந்திரம், நித்திய கருமம், சிவாலய தரிசனம் எண்டு போகும். முதற் கேள்வியே உலகத்தின் கருத்தா யார் என்பது பற்றியது. கிறிஸ்தவ வினாவிடையும் படைத்தவரிலிருந்துதான் தொடங்கும். சட்டகம் அவர்களுடையது, உள்ளே இருப்பது ஆகமம்.

விவாதத்திலும் இதே வேலைதான். 1854இல் வந்த சைவதூஷண பரிகாரத்தில் அவர் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கோயில், தூபம், தீபம், பலி, சுத்தம் அசுத்தம் எல்லாம் மூடவழக்கம் எண்டு பாதிரிமார் சொன்னார்கள். நாவலர் பழைய ஏற்பாட்டைத் திறந்து காட்டினார். உங்கட கடவுளே இவற்றை எல்லாம் விதித்திருக்கிறார், பிறகு எங்களை எப்படிப் பழிக்கிறீர்கள் எண்டு கேட்டார். விவிலியத்தோடு வருடக்கணக்காக இருந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

எங்கட குழுவில் சிலருக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்ல வேணும். அதே பேனா எங்கட பக்கமும் திரும்பியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமப்படி அமையவில்லை, மூலத்தானத்தில் திருவுருவத்துக்குப் பதிலாக வேல் இருக்கிறது எண்டு கண்டித்து 1870களில் துண்டுப்பிரசுரம் போட்டார். அந்த வேலுக்கு முன்னாலை நிண்டு அழுதவன் நான், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவருக்குச் சைவம் எண்டால் நூலில் உள்ள சைவம்தான். ஊர்க் கோயில்களில் ஆடு வெட்டுவதை அவர் எதிர்த்ததும் இதே நோக்கில்தான்.

இனி, எங்கே சறுக்கியது எண்டு பார்ப்பம். பாடப்புத்தகத்தையும் பிரசங்கத்தையும் பின்பற்ற முடிந்தது, உத்தியோகத்தைப் பின்பற்ற முடியவில்லை. கச்சேரியில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆங்கிலம் வேணும், அது மிஷனிடம் இருந்தது. பல தகப்பன்மார் வீட்டில் விபூதி பூசிவிட்டு, பிள்ளையை ஆங்கிலத்துக்காக அங்கேயே அனுப்பினார்கள். இதிலை ஒரு வேடிக்கை, பெடியள் வேலைக்காகத்தான் வருகிறார்கள் எண்ட கவலை மிஷனுக்கும் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் மூடியதற்கு அதுவும் ஒரு காரணம். நாவலர் 1872இல் ஒரு சைவ ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார். காசு இல்லாமல் சில வருடத்தில் அது நிண்டுபோச்சு. 1879இல் அவர் சிவபதம் அடைந்தார்.

அந்த இடைவெளியை நிரப்பியது சங்கங்கள். 1888இல் சைவபரிபாலன சபை உருவானது. பட்டணத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைச் சபை ஏற்று, 1890இல் வண்ணார்பண்ணையில் இந்து உயர்பள்ளியாக நடத்தியது. அதுதான் இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. சைவச் சூழலில் இருந்துகொண்டே பிள்ளை ஆங்கிலப் பரீட்சை எழுத வழி வந்தது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தியது. உடுவிலில் மிஷன் 1824இலேயே பெண்கள் விடுதிப் பள்ளி வைத்துவிட்டது. இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரி திறந்தது 1913இல். கிராமங்களுக்குச் சைவப் பள்ளிக்கூடங்கள் பரவலாகப் போனது 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்தபிறகு.

அப்பவும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவுகள் இலேசில் திறக்கவில்லை. நாவலர் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர், அவருடைய பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது மிஷன்தான். எல்லாப் பிள்ளையும் சமமாக வாங்கில் இருக்கலாம் எண்டு 1920களின் கடைசியில் வந்தபோது, எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் திருநீறு பூசிய பெரிய மனிதர்களும் இருந்தார்கள்.

அம்மம்மாவின் புத்தகம் இப்ப என்னிடம்தான் இருக்கிறது. விபூதி இயலில் இரண்டு பக்கம் கழண்டுபோச்சு. அதை மட்டும் அவா பென்சிலால் கொப்பித் தாளில் எழுதி உள்ளே ஒட்டி வைத்திருக்கிறா, கேள்வி இலக்கத்தோடு.

முருகா சரணம்.